மலைமேல் போன் இல்லை, மாத்திரை நேரம் உண்டு

பழனி மலைக்கோவிலுக்குள் செல்போன் போகாது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து தடை. அடிவாரத்திலேயே போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். வெள்ளகோவிலிலிருந்து தெருப் பெரியவர்களை ஒரு பஸ்ஸில் கூட்டிப்போக நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன், அம்மாவின் போனில் மாத்திரைக்கு அலாரம் வைத்துக் கொடுத்திருப்பான். பத்தரை மணிக்கு அந்த அலாரம் அடிவாரத்து அலமாரியில் அடித்துக்கொண்டிருக்கும், அம்மா மலைமேல் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

ஒரு நாள் யாத்திரை என்றால் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எத்தனை கோவில் பார்க்கலாம், சாப்பாடு எங்கே என்பவை. எழுபது வயதைத் தொட்டவர்கள் நிறைந்த பஸ்ஸுக்கு அந்த வரிசை தலைகீழ். யாருக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அதற்கு முன்னும் பின்னும் சாப்பாடு உண்டா என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பஸ் கிளம்பும் நேரம், நிற்கும் இடம், சாமி பார்க்கும் நேரம் எல்லாம் அந்தத் தாளிலிருந்து வர வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு பஸ் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. விசைத்தறி, ஸ்பின்னிங் மில், எண்ணெய் ஆலை, திருப்பூர் கம்பெனி என்று பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அந்த ஞாயிற்றில்தான் பழனியில் கூட்டம் அலைமோதுகிறது. கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம், பங்குனி உத்திரம் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், மூட்டுவலிக்காரர் வரிசையில் நிற்க முடியாது. ஆக, பெரியவர்கள் போக ஏற்ற நாள் வாரநாள், அன்று கூட வர பிள்ளைகள் கிடையாது. தெருவே சேர்ந்து போவதுதான் வழி.

அரசின் வழியும் ஒன்று உண்டு. இந்து சமய அறநிலையத்துறை 2024 ஜனவரியில் பழனியிலிருந்து, அறுபடை வீடுகளுக்கு மூத்த குடிமக்களைக் கட்டணமில்லாமல் அழைத்துப் போகும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அது 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கானது. எழுபத்திரண்டு வயது அப்பச்சிக்கும் எழுபத்தைந்து வயது ஆத்தாவுக்கும் அதில் இடமில்லை. அவர்களுக்குத்தான் துணை அதிகம் வேண்டும்.

வெள்ளகோவிலிலிருந்து தாராபுரம் வழியாகப் பழனி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இளவட்டங்களுக்கு ஒன்றரை மணி நேரம். நாம் பேசும் பஸ்ஸுக்கு, நடுவில் ஒரு நிறுத்தத்தோடு, மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து பேர் போகிறார்கள், அவர்களோடு ஐந்து பேருக்கு ஒருவர் என்று நடுவயதினர் ஐந்து பேர் கூட வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டு அந்த நாளைப் பார்ப்போம்.

முந்தின வாரமே எழுத வேண்டிய தாள்

ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் பேர், வீட்டில் யாரைக் கூப்பிடுவது, என்னென்ன நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து எது. அதன்கீழே மாத்திரைகள், அட்டைப் பட்டையில் அச்சாகியிருக்கும் பெயரோடு. 'வெள்ளை மாத்திரை', 'சின்ன மாத்திரை' என்று எழுதினால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஒன்றும் புரியாது. டாக்டர் சீட்டின் நகல் ஒன்றை அட்டையோடு சேர்த்துக் குத்திவிட்டால் போதும். அட்டை கழுத்தில் தொங்கட்டும், போன் போக முடியாத இடத்துக்கும் காகிதம் போகும். ஐந்து துணையாட்களில் இருவராவது கைக்கடிகாரம் கட்டியிருக்க வேண்டும்.

ஒருவரே இருபத்தைந்து பேரின் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்வது தெருவில் நடக்கும் பழக்கம். பொறுப்பு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் ஆகிவிட்டால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மருந்து இல்லாமல் போகும். மாத்திரை அவரவர் மடியில் இருக்க வேண்டும், ஞாபகப்படுத்துவது மட்டும் துணையாளின் வேலை. நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர்கள் அதைப் பையில்கூட வைக்கக் கூடாது, சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதைப் போடும்போது உட்கார்ந்தே போட வேண்டும், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

நீர் மாத்திரைதான் பயணத்தில் அதிகம் ஏமாற்றும் மாத்திரை. கால் வீக்கத்துக்கும் இதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுப்பார்கள், போட்டால் அரைமணி, ஒரு மணி நேரத்திலேயே சிறுநீர் முடுக்கும். பஸ்ஸில் எப்படிச் சமாளிப்பது என்று பயந்து அன்றைக்கு அதை விட்டுவிடுவார்கள். கூடவே முந்தின இரவிலிருந்து தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். இதய பலவீனம் உள்ளவருக்கு மாத்திரை விட்டால் மூச்சு வாங்கும். தண்ணீர் விட்டால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும், நீர்க்கடுப்பு வரும். நீர் மாத்திரையைப் பழனி போய்ச் சேர்ந்து இளைப்பாறிய பின்னோ வீடு திரும்பியோ போடலாமா என்று முந்தின வாரமே டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன நேரத்தை அட்டையில் எழுதிவிட்டால் அந்தப் பயமே இல்லை. நாமாக மாற்றக் கூடாது.

சாமி பார்த்துத்தான் சாப்பாடு

இந்த ஒன்றுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. கொங்கு வீடுகளில் மலைக்குப் போகிறவர் வெறும் வயிற்றில் போவது வழக்கம். "ஏனுங்க, சாமியப் பாக்காம வாயில எப்படிங்க பச்சத் தண்ணி ஊத்தறது?" என்று கேட்கும் பெரியம்மாவிடம் விவாதம் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. அவர் பக்தி அது. ஆனால் அவர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால், விரதத்தோடு அந்த மாத்திரை சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் தனியாகப் போட்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். இன்சுலின் ஊசியும் அதே கதைதான். இவற்றில் ஒன்றைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். நமது பகுதியில் பலர் போடுவது மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்த ஒரே மாத்திரை. ஆகவே பட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பெரியம்மாவை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்தார். ஆறு மணிக்கு வழக்கப்படி சாப்பாட்டுக்கு முந்தின மாத்திரையைப் போட்டார். தாராபுரத்தில் எல்லாரும் இட்லி சாப்பிட, "எனக்கு வேண்டாஞ்சாமி" என்று பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். ஒன்பதரைக்குப் பழனி. ரோப்கார் வரிசையில் ஒரு மணி நேரம். பத்தரை, பதினொரு மணிக்கு அவர் திடீரென்று பேச்சை நிறுத்துவார், அல்லது காரணமில்லாமல் எரிந்து விழுவார். நெற்றியும் கழுத்தும் வியர்த்து ஊற்றும், கை நடுங்கும், பதில் குழறும். கூட்டத்தில் நிற்பவர்கள் "வெயிலுக்கு அப்படித்தான்" என்பார்கள். வெயிலுக்கும் வியர்க்கும்தான், ஆனால் வெயிலில் நிற்கும் எல்லாருக்கும் வியர்க்கும்போது ஒருவருக்கு மட்டும் பேச்சு மாறினால் அது சர்க்கரை என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

இதில் இன்னொரு சிக்கல். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறையாது. அப்படிப்பட்டவர்கள் யார் என்பது துணையாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது எளிது. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சீனியோ, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது. பஞ்சாமிர்தம் கையில் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம், அதில் நெய் இருக்கிறது, வெறும் சர்க்கரை ஏறுகிற வேகத்தில் அது ஏறாது. பதினைந்து நிமிஷம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. சர்க்கரை 70-க்கு மேலே ஏறியதும் இட்லியோ சாதமோ பிஸ்கட்டோ ஏதாவது கெட்டியாகச் சாப்பிடக் கொடுக்க வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரையால் வந்த லோ சுகர் சரியான மாதிரி இருந்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும். அதனால் பெரியம்மா தெளிந்துவிட்டார் என்று வரிசையில் திரும்ப நிறுத்தக் கூடாது, ஒரு டாக்டரிடம் காட்டியாக வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உதவி கேட்க வேண்டும். போன் இல்லாத மலையில் உதவி எங்கே என்பதை, ஏறியதும் முதல் வேலையாகக் கோவில் பணியாளரிடம் கேட்டு முதலுதவி மையத்தைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அடிவாரத்தில் இருக்கும் துணையாள் 108-ஐக் கூப்பிடலாம்.

இதையெல்லாம் செய்யாமலே தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. விரதத்தை முழுக்க விடச் சொல்ல வேண்டாம். அன்றைய காலை மாத்திரையை என்ன செய்வது என்று முந்தின வாரமே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், சாமி முதலில் கீழே இருக்கிறார் என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள். அது பொய்யில்லை. அறுபடை வீடுகளில் மூன்றாவதான திருவாவினன்குடி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது, திருமுருகாற்றுப்படை பாடிய தலம் அது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அங்கே கும்பிட்டுவிட்டு, அடிவாரத்திலேயே உட்கார்ந்து மாத்திரையும் இட்லியும் எடுத்துக்கொண்டால், சாமி பார்த்த பிறகுதான் சாப்பாடு. மலை அதற்கப்புறம்.

பஸ்ஸும் வழியும்

டூரிஸ்ட் பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து உயரம். முழங்கால் மடங்காதவர்களுக்கு அதுதான் நாளின் முதல் மலை. ஒரு மணைப்பலகையோ அடி அகலமான சின்ன ஸ்டூலோ எடுத்து வைத்து, இறங்கும்போதும் ஏறும்போதும் கீழே ஒருவர் நின்றால் போதும். நல்ல முழங்காலை முதலில் ஏற்ற வேண்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்க வேண்டும். இடுப்பு, முதுகு வலிக்காரர்களுக்குப் பின்சக்கரத்தின் மேலும் கடைசி வரிசையிலும் இடம் கொடுக்கக் கூடாது, குலுக்கல் அங்கேதான் அதிகம். முன்னிருந்து மூன்றாவது, நான்காவது வரிசை அவர்களுக்கு.

காலை ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை வீட்டிலேயே வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்கு அரைமணி நேரமாவது கழித்துத்தான் காபி. ஆறேகாலுக்குப் பஸ். ஏழரைக்குத் தாராபுரம். இங்கே நாற்பது நிமிஷம் நிற்க வேண்டும், இருபது நிமிஷத்தில் முடியாது. இருபத்தைந்து பேருக்கு இரண்டு கழிப்பறை என்றால் அதற்கே நேரம் போய்விடும். ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது சாம்பாரைவிட முக்கியம் கழிப்பறை. உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமா என்று பயணத்துக்கு முன்பே ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவது உத்தமம். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கடிகாரத்தைப் பார்த்து ஊசி போடச் சொல்லக் கூடாது. இலையில் இட்லி வரப்போகிறது என்று உறுதியான பிறகுதான் ஊசி. ஹோட்டலில் கூட்டம் என்றால் இட்லி அரைமணி நேரம் தாமதமாகும், ஊசி காத்திருக்காது.

இன்சுலினைப் பற்றி இன்னொன்று. வெயிலில் நிறுத்திய பஸ் அடுப்பாக மாறும். பேனாவையோ குப்பியையோ பஸ்ஸில் விட்டுவிட்டு மலைக்குப் போனால் மாலையில் அது மருந்தாக இருக்காது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை 30 டிகிரிக்குள் வைத்தால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கூடவே எடுத்துப்போகலாம். ஐஸ் கட்டி மேல் படக் கூடாது, உறைந்த இன்சுலினும் கெட்ட இன்சுலின்தான். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவும் இதே பையில் வரட்டும்.

மலைக்கு மேலே

பஸ் ரோப்கார் வாசலுக்கே போய் நிற்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி 2024-லிருந்து கிரிவலப் பாதையில் தனியார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பஸ்ஸை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, தேவஸ்தானம் கிரிவலப் பாதையில் ஓட்டும் வண்டிகளில் போக வேண்டும். அங்கே ஏற்றி இறக்க அரைமணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே போக வழிகள் மூன்று. படிகள் கிட்டத்தட்ட எழுநூறு, இந்தக் கூட்டத்துக்கு அது பேச்சில்லை. வின்ச் மேற்குக் கிரிவீதியில், ரோப்கார் தெற்குக் கிரிவீதியில். ரோப்கார் 2004-ல் வந்தது, சில நிமிஷத்தில் மேலே கொண்டுபோய் விடும். ஆனால் அது காற்றுக்குப் பயந்த வண்டி. ஆடி மாதக் காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள், மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு, ஆண்டுக்கொரு முறை நீண்ட பராமரிப்பும் உண்டு. மதியத்திலும் கொஞ்ச நேரம் ஓடாது. முந்தின நாள் தேவஸ்தானத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போனால் பாதி பதற்றம் குறையும். ரோப்காரில் இறங்கிய பிறகும் சன்னதிக்குக் கொஞ்சம் நடையும் சில படிகளும் உண்டு என்பதை, "ரோப்கார்ல போனா நேரா சாமி முன்னாடி இறங்கலாமாம்" என்று நம்பியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நடக்கவே முடியாதவர்கள் திருவாவினன்குடியோடு நின்று, அடிவாரத்தில் ஒரு துணையாளோடு இருந்துகொள்ளட்டும். அதை யாரும் குறையாகப் பேசாமல் இருப்பது கூட வருபவர்களின் கடமை.

உச்சிப்பொழுதுக்குள் தரிசனம் முடிந்து மேலிருந்து கிளம்ப முடிந்தால் நல்லது. காரணம் வெயில் மட்டுமல்ல, தரை. செருப்பில்லாமல் நடக்கும் கற்தரை உச்சிப்பொழுதில் கொதிக்கும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவது தெரியாமல் நிற்பார்கள், கொப்புளம் வந்த பிறகும் வலிக்காது. அருகில் நடப்பவர்கள் கால் மாற்றி மாற்றிக் குதிக்கும்போது ஒருவர் மட்டும் நிதானமாக நடந்தால், அவரை நிழலுக்குக் கொண்டு வர வேண்டும். விரிப்பு போட்ட பாதையிலும் மண்டப நிழலிலும்தான் அவரை நடத்த வேண்டும்.

பன்னிரண்டரைக்கெல்லாம் எல்லாரும் அடிவாரத்தில். மலையில் நாள் முழுவதும் நடக்கும் அன்னதானத்தில் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள், அதற்கும் வரிசை உண்டு என்பதையும், மதியம் ரோப்கார் நிற்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாளுக்கு நான் ஒரு செலவைத் தயங்காமல் செய்யச் சொல்வேன். அடிவாரத்தில் இரண்டு அறையோ ஒரு சின்ன மண்டபமோ மதியத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு, மதிய மாத்திரை, அட்டையைப் பார்த்துத் துணையாள் ஒவ்வொருவராகக் கேட்பது, அதன்பின் ஒன்றரை மணி நேரம் காலை உயர்த்திப் படுப்பது. படுத்திருந்தவர் சட்டென எழக் கூடாது. இரண்டு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழ வேண்டும். பிரஷர் மாத்திரைக்காரர்கள் விழுவது பெரும்பாலும் இந்த எழும் நொடியில்தான்.

பஞ்சாமிர்தக் கடையில் தகராறு வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பிரசாதம், விருப்பாச்சி வாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் நெய்யும் கலந்தது, சர்க்கரைக்காரர் முன் திறந்து வைத்தால் யாரால் மறுக்க முடியும்? வாங்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். பிரசாதம் என்று நாக்கில் வைக்கிற அளவுக்குத் தடை சொல்ல வேண்டாம், பஸ்ஸில் டப்பாவைத் திறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நான்கு மணிக்குக் கிளம்பினால் தாராபுரத்தில் டீ குடித்து, கழிப்பறைக்குப் போய், ஏழு மணிக்குள் வெள்ளகோவில். கண்புரை உள்ளவர்கள் இருட்டில் படி தெரியாமல் தடுமாறுவார்கள். தெரு விளக்கு எரியும் முனையில் பஸ்ஸை நிறுத்தி, மணைப்பலகையை மறுபடி வைத்து இறக்க வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணுவதோடு, மிச்ச மாத்திரைப் பட்டையையும் துணையாள் பார்க்க வேண்டும். காலி இடம் எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனை இருக்கிறதா? இரவு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் களைப்பில் படுத்துவிடுவதுதான் அந்த நாளின் கடைசி ஆபத்து. காலையில் தப்பிய பெரியம்மாவுக்கு இரவு இரண்டு மணிக்கு லோ சுகர் வரும், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இறங்கும்போதே அவருக்கு இரண்டு இட்லி பொட்டலம் கொடுத்து அனுப்பி, எட்டரைக்கு ஒருவர் வீட்டு வாசலில் போய் "சாப்பிட்டீங்களா பெரீம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். மறுநாள் காலையில் சர்க்கரைக்காரர்கள் எல்லாருடைய உள்ளங்காலையும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாக வேண்டும். கொப்புளமோ சிவப்போ இருந்தால் ஊசியால் குத்தாமல், மஞ்சள் பூசாமல், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.